தையற்கடையும் மருத்துவமனையும்

தேக்கா நிலையத்தின் ஈரச் சந்தையிலிருந்து படியேறி மேல்மாடிக்குப் போனால் மீன் வாசனை விலகிப் புதுத்துணி வாசனை வரும். அங்கே வரிசையாகத் துணிக்கடைகள் இருக்கின்றன. இடையிடையே தையல் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்கும். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருபவர்கள், வாங்கிய சுடிதாரின் கையைக் குறைக்க வருபவர்கள், தீபாவளிக்கு முந்திய வாரத்தில் “நாளைக்கே வேண்டும்” என்று கெஞ்சுபவர்கள் எனப் பலரையும் அந்த மாடியில் பார்க்கலாம். அங்கிருந்து நடந்து போகும் தொலைவில்தான் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது. இன்னும் வடக்கே போனால் டான் டொக் செங் மருத்துவமனை வரும். ஓரிடத்தில் உடம்பை அளந்து துணி வெட்டுகிறார்கள். மற்றோரிடத்தில் அதே உடம்பின் நோயைப் பார்க்கிறார்கள். இவ்வளவு அருகில் இருந்தும் இந்த இரு தொழிலாரும் தொழில் தொடர்பாகப் பேசிக்கொள்வது அரிது.

புதிய தொழில் தொடங்க விரும்புவோருக்கான பயிலரங்குகளில் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. துண்டுச் சீட்டுகளில் பல தொழில்களின் பெயர்களை எழுதிக் குலுக்கி, இரண்டை எடுக்க வேண்டும். வந்த இரண்டையும் இணைத்து ஒரு தொழில் யோசனை சொல்ல வேண்டும். மருத்துவமும் தையலும் வந்துவிட்டால் காய்ச்சல் கண்டால் நிறம் மாறும் சட்டை, மாத்திரை நேரத்தைச் சொல்லும் சட்டைப்பை என்று யோசனைகள் கொட்டும். அறையில் சிரிப்பும் கைத்தட்டலும் எழும். மறுநாள் அந்தச் சட்டையை யாரும் தேடமாட்டார்கள்.

சீட்டுக் குலுக்குவதில் தவறில்லை. ஆனால் சீட்டு இரண்டு தொழில்களின் பெயரை மட்டுமே தரும். ஒரு தொழிலில் அன்றாடம் தலைவலியாக இருக்கும் சிக்கல், இன்னொரு தொழிலில் அன்றாடம் கைபழகிய வேலையாக இருக்கும் இடம் எது என்பதை அது சொல்லாது. உருப்படியான யோசனை அந்த இடத்தில்தான் பிறக்கிறது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு தொழில்களையும் அருகில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர் இருந்தார். சிறுவயதில் அவருடைய தாயார் அவருக்குத் தையல் கற்றுக்கொடுத்திருந்தார். 1950களின் தொடக்கத்தில், நோயால் வீங்கி வெடிக்கும் நிலையிலிருந்த பெரிய இரத்தக்குழாய்க்கு மாற்றாக எதைப் பொருத்துவது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். நைலான் துணி வாங்க ஒரு பல்பொருள் கடைக்குப் போனார். கடையில் நைலான் தீர்ந்துவிட்டதால் டேக்ரான் என்ற புதிய துணியைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, அதில் இரண்டு துண்டுகளை வெட்டி, மனைவியின் தையல் இயந்திரத்தில் இரு ஓரங்களையும் அடித்துக் குழாயாக்கினார். அந்தக் குழாய் வேலை செய்தது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. வீட்டில் தைத்த குழாயில் தையல் ஓரம் இருக்கும். ஆகவே நெசவுத்துறை வல்லுநர் ஒருவருடன் சேர்ந்து, தையலே இல்லாமல் குழாயாகப் பின்னித் தரும் இயந்திரத்தை உருவாக்கினார். அறுவை மருத்துவர் ஒருவர் தையலும் தெரிந்தவராக இருந்தது தற்செயல். ஆனால் துணிக்கடைக்குப் போகும்போது தமக்கு என்ன வேண்டும் என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். 2030ஆம் ஆண்டுக்குள் இங்குள்ள குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார். வயது கூடும்போது பக்கவாதம், மூட்டுவலி, கைநடுக்கம் ஆகியவையும் கூடுகின்றன. இவற்றால் அவதிப்படுவோர் காலையில் எழுந்ததும் சந்திக்கும் முதல் சிக்கல் பெரும்பாலும் உடுத்துவதாகத்தான் இருக்கும். இதை உணர்ந்து சிலர் இங்கே தொழில் தொடங்கியும் இருக்கிறார்கள். எலிசா லிம் என்ற ஆடை வடிவமைப்பாளர் தொடங்கிய ‘வில் அண்ட் வெல்’ நிறுவனம், உடற்குறையுள்ளோரும் முதியோரும் எளிதில் அணியக்கூடிய ஆடைகளைத் தயாரிக்கிறது. ஆயினும் அத்தகைய ஆடைகள் என்றால் பொதுவாகச் சட்டை, கால்சட்டை, கவுன் ஆகியவைதாம் நினைவுக்கு வரும். ஐம்பது ஆண்டுகளாகச் சேலை மட்டுமே கட்டிய ஒரு பாட்டிக்கு அவற்றால் என்ன பயன்? லிட்டில் இந்தியாவின் தையற்காரர்களால் செய்யக்கூடிய வேலை இங்கே காத்திருக்கிறது.

ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். பக்கவாதத்தால் அவருடைய இடது கையும் காலும் செயலிழந்துவிட்டன. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாள்முதல் தொளதொளப்பான நைட்டிதான் அவருடைய உடை. வீட்டில் அது போதும். ஆனால் பேத்தியின் திருமணத்துக்கு நைட்டியில் போக முடியாது. “நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்” என்று அவர் சொன்னால், அது கூட்டத்தைப் பிடிக்காததால் சொன்னதா, உடுத்த முடியாததால் சொன்னதா என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

அவரிடம் உள்ள ரவிக்கைகளை ஏன் போட முடியவில்லை? பக்கவாதம் வந்தவருக்கு உடுத்திவிடும்போது தாதியர் பின்பற்றும் விதி எளிமையானது. அணியும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். தொளதொளப்பான சட்டைக்கு இந்த விதி அருமையாகப் பொருந்தும். முதல் கையை நுழைத்த பிறகு சட்டையை முதுகுப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவர அதில் துணி மிச்சம் இருக்கும். ரவிக்கையிலோ மிச்சமே இராது. உடம்போடு ஒட்டி நிற்பதுதான் நல்ல தையல் என்று கருதி, அக்குளையும் கைச்சுற்றையும் தையற்காரர் இறுக்கமாக வெட்டியிருப்பார். அந்தக் கைக்குள் செயலிழந்த கையைத் திணிக்க வேண்டுமானால் இழுக்க வேண்டும். பக்கவாதத்தில் தோள்தசைகள் தளர்ந்துவிடுவதால் மேற்கை எலும்பு தோள்குழியிலிருந்து சற்று இறங்கியிருக்கக்கூடும். அப்படிப்பட்ட கையை இழுத்தால் தோளில் காயம் ஏற்படும். அவர் வலியில் முகம் சுளிப்பதைப் பார்த்தே குடும்பத்தார் ரவிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள்.

தையற்காரரிடம் இதைச் சொன்னால் முதலில் அவருக்குத் தோன்றுவது, “அளவைப் பெரிதாக்கித் தைத்துவிடலாம்” என்பதுதான். அது தீர்வாகாது. பெரிதாக்கிய ரவிக்கை தோளிலிருந்து வழியும். பாட்டிக்கும் பிடிக்காது. மாற வேண்டியது அளவு அல்ல. ரவிக்கை திறக்கும் இடம்தான் மாற வேண்டும். இடது பக்கத்தில் கழுத்தோரத்தில் தொடங்கி, தோள்வழியாக, கையின் மேற்புறம் முழுவதும் ரவிக்கையைத் திறந்துவிட்டால் கையை எதற்குள்ளும் நுழைக்க வேண்டிய தேவையே இல்லை. கையைச் சற்றே விலக்கி, துணியை அடியில் விட்டு, மேலே கொண்டுவந்து மூடினால் போதும். முன்பக்கத்துக் கொக்கிகளை நல்ல கையால் மாட்டலாம். சேலையின் முந்தானை இடது தோளில்தான் விழும் என்பதால் புதிய திறப்பு வெளியே தெரியாது. வலது பக்கம் செயலிழந்தவராக இருந்தால் திறப்பு வெளியே தெரியும். அதன்மேல் சேலைக் கரையின் துண்டொன்றை அலங்காரம்போல் வைத்துத் தைக்க வேண்டும்.

அக்குளுக்குக் கீழே, பக்கவாட்டில் திறந்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். வெட்டுவதற்கு அதுதான் எளிது. ஆனால் அங்கே வைக்கும் ஜிப்பும் தடித்த மடிப்பும் கை தொங்கும் இடத்தில் நாள்முழுதும் உராயும். பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு அந்தப் பக்கத்தில் உணர்ச்சியும் குறைந்திருக்கும். உராய்வது அவர்களுக்குத் தெரியாது. தெரியும்போது அது புண்ணாகியிருக்கும். தையற்காரர் ஒருவரே யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடிய செய்தி அல்ல இது. மறுவாழ்வுச் சிகிச்சையாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அடுத்த கேள்வி, அந்தத் திறப்பை எதைக் கொண்டு மூடுவது என்பது. எல்லாருக்கும் உடனே நினைவுக்கு வருவது வெல்க்ரோ. அதை ஒரு கையால் ஒட்டலாம், பிரிக்கலாம். ஆனால் அதன் சொரசொரப்பான பக்கம் பட்டுச் சேலையின் இழைகளைப் பிடித்து இழுத்துவிடும். முந்தானை விழும் தோளிலேயே அதை வைப்பதைவிடச் சேலைக்குக் கேடு வேறில்லை. துவைக்கும்போது பஞ்சும் முடியும் ஒட்டிக்கொண்டு சில மாதங்களில் அதன் பிடிப்பும் போய்விடும். அழுத்தி மூடும் பித்தான் வைக்கலாம் என்றால், வலிக்கும் தோளின்மேல் விரலால் அழுத்த வேண்டியிருக்கும்.

காந்தப் பித்தான் இந்தக் குறைகள் எதுவும் இல்லாதது. அமெரிக்காவில் மோரா ஹார்ட்டன் என்ற பெண்மணி அதை வைத்தே ஒரு சட்டை நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய கணவர் கல்லூரி அணி ஒன்றுக்கு அமெரிக்கக் காற்பந்துப் பயிற்றுநர். பார்க்கின்சன் நோயால் விரல்கள் இயங்க மறுத்ததால் ஓர் ஆட்டத்துக்குப் பிறகு அவரால் சட்டைப் பித்தான்களைப் போட முடியவில்லை. அணியின் விளையாட்டாளர் ஒருவர்தான் போட்டுவிட்டார். கணவர் அதைச் சொல்லக் கேட்ட மனைவி, வெளியே வழக்கமான பித்தான்போலவும் உள்ளே காந்தமாகவும் இருக்கும் சட்டையை உருவாக்கினார். யோசனை நல்லதுதான். ஆனால் இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தியவர்களுக்கு அந்தச் சட்டை ஆகாது. காந்தம் அருகில் வந்தால் கருவியின் இயக்கம் மாறக்கூடும். காந்தத்தை அதிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்வார்கள். அந்தக் கருவியைப் பெரும்பாலும் பொருத்துவது இடது காறையெலும்புக்குக் கீழே. பாட்டியின் ரவிக்கையில் திறப்பு வைத்த இடத்துக்கு மிக அருகில்! முதியோருக்குத் தைப்பவர் துணி வெட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஆனால் தையற்கடையின் அளவுப் புத்தகத்தில் தோள், மார்பு, இடுப்பு எழுதுவதற்கு இடம் இருக்கிறது; இதற்கு இல்லை.

அப்படியானால் மிஞ்சுவது என்ன? தையற்காரரின் தகரப் பெட்டியிலேயே அதற்கு விடை இருக்கிறது. ஆண்களின் கால்சட்டை இடுப்பில் வைக்கும் தட்டையான பெரிய கொக்கி அது. அழுத்தாமல், பக்கவாட்டில் தள்ளினாலே மாட்டிக்கொள்ளும். ஒரு கை போதும். பட்டில் சிக்காது, சலவையில் கெடாது. அப்படி மூன்று கொக்கிகளைத் தோளிலிருந்து கைவரை வைத்து, தோல் படும் பக்கத்தில் மெல்லிய பருத்திப் பட்டி ஒன்றைக் கொடுத்தால் வேலை முடிந்தது. முந்தானையைக் குத்தும் ஊசியையும் மறக்கக்கூடாது. உணர்ச்சியற்ற தோளில் ஊசி திறந்து குத்தினால் யாருக்கும் தெரியாது. ஊசிக்குப் பதிலாக ரவிக்கையில் ஒரு சிறு நாடா வளையம் தைத்து, முந்தானை மடிப்பில் அதற்கேற்ற கொக்கியை வைப்பது நல்லது.

சேலைக்கு வழி ஏற்கெனவே பிறந்துவிட்டது. கட்டத் தெரியாத இளம்பெண்களுக்காக, கொசுவத்தை மடித்துத் தைத்து இடுப்பில் மாட்டிக்கொள்ளும் வகையில் சேலைகள் விற்பனைக்கு வந்தன. நோயாளிகளை நினைத்து யாரும் அதை உருவாக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்பவருக்கு அதையே சற்றுக் குட்டையாக, முந்தானை நுனி சக்கரத்தில் சிக்காத நீளத்தில் தைத்தால் பொருந்திவிடும். தனக்கென்று செய்த ஒன்று இன்னொருவரின் தேவைக்கும் பயன்படும் என்பது அந்தக் கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கக்கூடும்.

தைத்த ஆடை சரியாக இருக்கிறதா என்பதைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பார்த்து முடிவு செய்ய முடியாது. உடுத்தி, வழக்கம்போல் சில மணி நேரம் உட்காரவைத்து, பிறகு கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். தையல் பட்ட இடத்தில் உள்ள தடம் அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டால் கவலையில்லை. மறையாமல் நின்றால், அங்கே புண் தொடங்குகிறது என்று பொருள். சிவந்திருக்கிறதா என்று பார்க்கும்படி மருத்துவக் குறிப்புகள் சொல்லும். மாநிறத்திலும் கறுப்பிலும் உள்ள தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையால் தொட்டு, சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று அறிய வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இந்தத் துறையில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. ஆடையை வாங்குபவர் மகன் அல்லது மகள். உடுத்திவிடுபவர் பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண். அணிபவரோ பாட்டி. மூவரின் தேவையும் ஒன்றல்ல. முதுகுப்பக்கம் முழுவதும் திறந்திருக்கும் ஆடை உடுத்திவிடுபவருக்கு மிக வசதி. ஆனால் அதை அணிந்தவரால் தம் ஆடையைத் தாமே திறக்கவோ மூடவோ முடியாது. நேற்றுவரை முக்கால் பங்கைத் தாமே உடுத்தியவர், இன்று முழுவதும் பிறர் கையை எதிர்பார்க்க நேரிடும். நினைவிழப்பு முற்றியவருக்கும் படுத்த படுக்கையாக உள்ளவருக்கும் அந்த ஆடை தேவைதான். ஒரு கை நன்றாக இயங்கும் பாட்டிக்கு அதைப் போடுவது அவரிடம் மீந்திருக்கும் ஆற்றலையும் பறிப்பதாகும். கொக்கியை இழுக்கப்போகிறவர் யார் என்று கேட்காமல் தைக்கப்படும் ஆடை, பணம் கொடுப்பவருக்காகத் தைக்கப்படும் ஆடையாகவே முடியும்.

தையற்காரர் எதுவரை போகலாம் என்பதற்கும் எல்லை உண்டு. தீக்காயத் தழும்புகள் தடித்துவிடாமல் இருக்க, நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 மணி நேரம் அணியும் இறுக்க ஆடைகள் இருக்கின்றன. அவற்றையும் அளவெடுத்துத்தான் தைக்கிறார்கள். ஆனால் எவ்வளவு இறுக்குவது என்பதைப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரே முடிவு செய்கிறார். இறுக்கம் குறைந்தால் பயனில்லை. கூடினால் இரத்த ஓட்டம் தடைப்படும். பாட்டியின் ரவிக்கை உடுத்துவதை எளிதாக்கும் ஆடை மட்டுமே. “இதை அணிந்தால் வீக்கம் குறையும், வலி தீரும்” என்று சொல்லி விற்கத் தொடங்கினால் அது மருத்துவச் சாதனமாகிவிடும். அப்போது சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகள் குறுக்கிடும். அந்த ஒரு வாக்கியத்தை விளம்பரத்தில் சேர்க்காமலிருப்பது தையற்காரருக்கும் நல்லது, அணிபவருக்கும் நல்லது.

இது கட்டுப்படியாகும் தொழிலா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. ஆளுக்கு ஆள் நோய் வேறு, உடம்பு வேறு. ஆயிரம் ரவிக்கைகளை ஒரே அச்சில் தைத்துக் குவிக்க முடியாது. பெரிய தொழிற்சாலைகள் இதைத் தொடத் தயங்குவதற்கு அதுவே காரணம். ஆனால் தேக்காவின் தையற்காரர் என்றைக்குமே ஆயிரம் ஒரே மாதிரி தைத்தவர் அல்லர். ஒவ்வொரு ரவிக்கையும் ஒருவருக்கென்று தைத்தே பிழைப்பவர். தொழிற்சாலைக்குத் தடையாக இருப்பது அவருக்குப் பழகிய வழக்கம்.

அவருக்குத் தடையாக இருப்பது நேரம். கடைகளுக்கு இடையிலுள்ள குறுகிய வழியில் சக்கர நாற்காலி திரும்ப இடமிருக்காது. எனவே அளவெடுக்க வீட்டுக்குப் போக வேண்டும். அளவையும் உட்கார்ந்த நிலையில் எடுக்க வேண்டும். நிற்கும்போது எடுத்த முதுகளவு, உட்கார்ந்து முன்னே குனிந்தால் பற்றாது. ரவிக்கை பின்னால் ஏறி இடுப்பு தெரியும். முதல் ரவிக்கைக்கு இரண்டு பயணமும் ஒரு வெள்ளோட்டமும் தேவைப்படும். வழக்கமான கூலியை வாங்கினால் அவருக்கு நட்டம்தான். அந்தக் கூடுதல் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கேட்க அவர் தயங்கக்கூடாது. கொடுக்கக் குடும்பமும் தயங்கக்கூடாது. பழுப்புத் தாளில் வெட்டிய அந்த மாதிரியை அவர் சுருட்டி வைத்துக்கொள்வார். அதன் இடது தோளில் மூன்று கொக்கிகளுக்கான புள்ளிகள் இருக்கும். அடுத்த வாடிக்கையாளரின் மகள் பழைய ரவிக்கை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறி வரும்போது, அவர் அந்தத் தாளை விரித்து, “எந்தக் கை, அம்மா?” என்று கேட்டு வேலையைத் தொடங்கலாம்.